ஞாயிறு ஆறு மணி, மூன்று விஷயம்

ஆவுடையப்பனின் வயிற்றுவலிக்கு நாளும் தெரியும், மணியும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் வந்துவிடும். மற்ற ஆறு நாளும் அந்த வயிறு எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். மில் கேண்டீனில் போடும் வடையைக்கூட மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட வயிறு அது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் சூப்பர்வைசர். 1988-இல் அவருக்கு நாற்பத்தொரு வயது. ஒரே மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். மனைவி சண்முகத்தாய் உள்ளூர் டெலிபோன் ஆபீசில் வெளியூர் டிரங்க் கால் போட்டுத் தரும் ஆபரேட்டர். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். ஆனால் குறை சொல்வதற்கென்றே திங்கட்கிழமை பத்து மணிக்கு மில்லில் ஒரு மீட்டிங் இருந்தது.

மேனேஜர் ஞானதுரை நீளமான நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, போன வாரத்தில் எந்தெந்த டிபார்ட்மெண்டில் என்னென்ன தப்பு நடந்தது என்று வாசிப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். வேதப்புத்தகம் வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி, நிதானமாக வாசிப்பார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் தலையைத் தூக்கி, "சரிதானே மிஸ்டர் ஆவுடையப்பன்?" என்பார். சரிதான் என்று சொல்லவேண்டும். கத்தியிருந்தால்கூட ஆவுடையப்பன் தாங்கியிருப்பார்.

வலிக்கு மருந்து, ரத வீதி முக்கில் இருந்த பிச்சை முகம்மதுவின் மெடிக்கல் கடையில் கிடைத்தது. ரோஸ் கலரில் ஒரு மருந்து. மூடியால் அளந்து குடிக்க வேண்டும். ஆவுடையப்பன் அளக்க மாட்டார். "ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிடுதேன் அண்ணாச்சி" என்று பிச்சை முகம்மது அன்போடு சொல்லியிருந்தார். டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்தார். மற்றொருவர் விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை பார்த்தார்கள். அதனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்டுபிடித்தவள் சண்முகத்தாய். ஒரு தீபாவளி திங்கட்கிழமையில் வந்தது. மில் இரண்டு நாள் லீவு, மீட்டிங் புதன்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. முந்தின நாள் சாயங்காலம் மனிதர் அதிரசத்தை எண்ணாமல் தின்றுவிட்டு, கொடியில் துணி காயப்போட்டபடி பாட்டு முணுமுணுத்தார். அந்த வாரம் வலி செவ்வாய் மாலை, அதாவது லீவு முடிகிற மாலை, ஐந்து மணிக்கு வந்தது.

"உங்களுக்கு வயித்துல ஒண்ணுமில்ல. மேனேஜர் உள்ள போய் உக்காந்திருக்காரு" என்றாள்.

"அதுக்கு மருந்து?"

"அவரு வாசிக்காரு, நீங்க கேக்கீக. நானும் ஒண்ணு வாசிக்கேன், கேளுங்க."

முதலில் அவள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் பெரிய விஷயங்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் சொன்னாள்: "ஹெல்ப்பரா சேந்து சூப்பர்வைசர் ஆயிருக்கீக. சொந்த வீடு கட்டிருக்கீக. பிள்ளைய மதுரையில படிக்க வச்சிருக்கீக." ஆவுடையப்பன் முகம் வெளுத்துப்போய் சோற்றைப் பிசைந்தார். வேலை போனால் இந்த மூன்றும் போய்விடுமே என்று அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. அந்த வாரம் வலி ஞாயிறுவரை காத்திருக்காமல் அன்று ராத்திரியே வந்தது.

அடுத்த வாரம், "நீங்க நல்ல மனுசன்" என்று சொல்லிப் பார்த்தாள். "எதுக்கு இப்ப அதைச் சொல்லுதே? என்ன நடந்துச்சு?" என்று அவர் பதறினார்.

பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. விஷயம் சின்னதாக இருக்க வேண்டும். இந்த வாரத்ததாக இருக்க வேண்டும். அவரே செய்ததாக, செய்து முடித்ததாக இருக்க வேண்டும். இனிமேல் செய்யவேண்டியது எதுவும் அதில் வந்துவிடக்கூடாது. புத்திமதி கூடவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தால் அவளுக்கே ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தப்புகள் மட்டும்தான் வாரக்கடைசி வரைக்கும் மனசில் நிற்கின்றன. அதனால் தினமும் காலண்டர் தாளைக் கிழித்ததும் எறியாமல், அதன் முதுகில் பென்சிலால் ஒரு வரி எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறேழு தாள் சேரும். மூன்றை எடுப்பாள். நாலாவது சொன்னால் அதெல்லாம் ஒரு விஷயமா என்று அவர் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது.

ஒரே இடைஞ்சல், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரை அவளுக்கு டியூட்டி. வலி வருவதோ ஐந்துக்கு. ஆறு மணிக்கு அவளுக்குக் காப்பி குடிக்கக் கால்மணி நேரம் விடுவார்கள். ஆபீஸ் வாசலில் காசு போட்டுப் பேசும் போன் ஒன்று இருந்தது. கால் போடுகிற அரசாங்க போர்டில் சொந்தக் கதை பேசுவது அவளுக்கு ஆகாது. காசைப் போட்டு மெடிக்கல் கடையைக் கூப்பிட்டாள்.

"பாய், எங்க வீட்டுக்காரவுக அங்கன இருக்காகளா?"

மருந்து வாங்க வந்து நின்ற ஆவுடையப்பன் ரிசீவரை வாங்கினார்.

"ஹலோ, ஆவுடையப்பனா?" அவளுடைய ஆபீஸ் குரல். கல்கத்தா லைனில் வருகிற மாதிரி இருந்தது. "குறிச்சுக்கோங்க. ஒண்ணு: செவ்வாய்க்கிழமை குடையை பஸ்ல விட்டுட்டு வரல. ரெண்டு: புதன்கிழமை ஏழாம் நம்பர் ஃபிரேம்ல சத்தம் வருதுன்னு ரிப்பேர் பாக்குற ஃபிட்டருக்கு முன்னால நீங்க கண்டுபிடிச்சீக. மூணு: வெள்ளிக்கிழமை மகளுக்கு லெட்டர் எழுதி, நீங்களே போஸ்ட் பண்ணுனீக. நாளைக்குக் காலையில மில்லுக்குப் போனதும் முதல் வேலை என்ன?"

"ஹ்யூமிடிட்டி பிளாண்டைப் பாக்கணும்."

"அத மட்டும் பாருங்க. அம்புட்டுத்தான். வச்சிடுதேன்."

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. டிரங்க் கால் போட்டுப் பழகியவள்.

ஹ்யூமிடிட்டி பிளாண்ட் என்பது மில்லுக்குள் ஈரக்காற்றை அனுப்பும் ஏற்பாடு. ஞாயிறு லீவில் அதை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளிலேயே பஞ்சு காய்ந்து விறைத்துப்போகும். திங்கட்கிழமை ஏழு மணிக்கு அப்படியே நூல் நூற்கும் ஃபிரேமை ஓட்டினால், இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஆறு மணிக்கே போய் ஈரக்காற்றைத் திறந்துவிட்டு, பஞ்சு கொஞ்சம் இளகியதும்தான் மெஷினைத் தொடவேண்டும். இருபது வருஷமாக ஆவுடையப்பன் பஞ்சுக்கு இதைச் செய்துவந்தார். தனக்கும் அப்படி ஒன்று தேவைப்படும் என்று யோசித்ததில்லை. அன்று மருந்து பாட்டிலை வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். பாட்டில் கண்ணாடி அலமாரியில் நின்றது.

அப்புறம் ஞாயிறுதோறும் இது நடந்தது. ஐந்தே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். பிச்சை முகம்மதுக்கு வாரம் ஒரு பாட்டில் வியாபாரம் போயிற்று. ஆனாலும் அவர் ஸ்டூல் எடுத்துப்போட்டார். ரிசீவரிலிருந்து சத்தம் வெளியே நன்றாகக் கேட்கும். கேட்காததையும் அவர் கேட்டு வாங்கி, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுவார்.

"பல் ஆஸ்பத்திரிக்குப் போனீகளாமே! ரெண்டு மாசமாப் பயந்துக்கிட்டு இருந்தீக. நல்லது அண்ணாச்சி, நல்லது."

மருந்துக்கு நின்றவர்கள் சிரிப்பார்கள். ஆவுடையப்பனுக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். மேனேஜர் நோட்டு நின்றுவிடவில்லை. திங்கள் காலை அதே வாசிப்பு, அதே "சரிதானே". ஆனால், "இழைக் கழிவு ஜாஸ்தி, சரிதானே?" என்று அவர் கேட்கும்போது, குடையை மறக்காத மனிதனாக ஆவுடையப்பன் அங்கே உட்கார்ந்திருந்தார். அது ஒரு தெம்பு.

ஆறேழு மாதம் போனதும், அந்தத் தெம்புக்குள் ஒரு பூச்சி நுழைந்தது. ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிறபோதே, "இன்னிக்கு ஒண்ணு இருக்கு, எழுதிக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தார். பாட்டி ஒருத்திக்கு பஸ்ஸில் இடம் கொடுத்தேன் என்பார். இடம் கொடுக்க யாராவது கிடைப்பார்களா என்று இரண்டு ஸ்டாப் முன்பிருந்தே ஆள் தேடியதைச் சொல்ல மாட்டார். சண்முகத்தாய்க்குச் சந்தேகம் தட்டியது. எழுதிக்கொண்டாள், ஆனால் தானாகக் கண்ணில் பட்டதைத்தான் ஞாயிற்றுக்கிழமை வாசித்தாள். அதில் அவருக்கு வருத்தம்.

"பாட்டியச் சொல்லலியே?"

"பாட்டிய நான் பாக்கலையே."

அந்த நேரத்தில்தான் பாபின் விவகாரம் வந்தது.

மில்லில் நூல் சுற்றுகிற கட்டைக்குப் பாபின் என்று பேர். தடிமனான நூலுக்கு ஒரு கலர் பாபின், மெலிசான நூலுக்கு வேறு கலர் பாபின். கலரைப் பார்த்துத்தான் எது எந்த நூல் என்று பிரிப்பார்கள். ஒரு புதன்கிழமை சிவப்பு பாபின் தீர்ந்துபோயிற்று. "பச்சையையே ரெண்டுக்கும் போடுலே, சாயங்காலம் மாத்திக்கலாம்" என்று ஆவுடையப்பன் சொன்னார். சாயங்காலம் மறந்துவிட்டார். ஃபிரேமில் பாபின் மாற்றுகிற மாரிச்சாமி சொன்னபடி செய்தான். தடிமனான நாற்பதாம் நம்பரும் மெலிசான அறுபதாம் நம்பரும் ஒரே பெட்டியில் கலந்தன. அது சத்திரப்பட்டித் தறிகளுக்குப் போய், பேண்டேஜ் துணியில் பட்டை பட்டையாக விழுந்தது. மறு வாரம் வியாழக்கிழமை தறிக்காரர் துணியைச் சுருட்டிக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டார்.

ஞானதுரை விசாரித்தார். பெட்டியில் மாரிச்சாமியின் டோக்கன் நம்பர் இருந்தது. "ஆவுடையப்பன், இவன்தானே அன்னிக்கு?" என்றார். அவன்தான் அன்றைக்கு. அது உண்மை. அதைமட்டும் சொன்னார் ஆவுடையப்பன். மாரிச்சாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவனுக்கு மெமோ டைப் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது வழக்கப்படி வாய் திறந்துகொண்டது. மாரிச்சாமி வீடு நாலு தெரு தள்ளித்தான். எப்படியும் சண்முகத்தாய் காதுக்கு வரும். தானே முந்திக்கொண்டார்.

"மில்லுல ஒரு கலவரம். மாரிச்சாமியப் பிடிச்சுக்கிட்டாக. நான்தான் பாபினை மாத்தச் சொன்னேன், அவன் மேல தப்பில்லைன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்படியா?" சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள். "அவரு முகத்தைப் பாத்துச் சொன்னீகளா?"

"பின்ன?"

அவள் அடுப்படிக்குப் போய், அன்றைய காலண்டர் தாளை எடுத்து எழுதினாள். அன்றைக்குத் தட்டில் அப்பளம் கூடுதலாக ஒன்று விழுந்தது. ஆவுடையப்பன் அதையும் தின்றார்.

ஞாயிறு சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வயிறு நாலு மணிக்கே தொடங்கியிருந்தது. கடையில் அழகுத்தாய் நின்றாள், மாரிச்சாமியின் பெண்டாட்டி. தலைவலித் தைலம் கேட்டு வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா என்று நினைப்பதற்குள் மணி அடித்தது. பிச்சை முகம்மது ரிசீவரை நீட்டினார்.

"ஹலோ, ஆவுடையப்பனா?" ஆபீஸ் குரல். "ஒண்ணு: திங்கட்கிழமை தண்ணி மோட்டார நீங்களே கழட்டி மாட்டுனீக. ரெண்டு: சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரோட கோவிச்சுக்காம பேசிட்டு வந்தீக." மூன்றாவதுக்கு வந்தபோது அது ஆபீஸ் குரலாக இல்லை. "மூணு: வியாழக்கிழமை மாரிச்சாமி மேல வந்த பழிய, என்னுதுன்னு நீங்க வாங்கிக்கிட்டீக. எனக்கு அன்னிக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சுங்க. நாளைக்கு முதல் வேலை என்ன?"

ஆவுடையப்பன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "ஹ்யூமிடிட்டி..." என்றார். அவள் வைத்துவிட்டாள்.

பிச்சை முகம்மது கையைத் தட்டினார். "மாரிச்சாமி பழிய நீங்க வாங்கிக்கிட்டீகளா? யா அல்லா, அண்ணாச்சி! ஏம்மா அழகுத்தாய், கேட்டியா?"

கேட்டுவிட்டாள். தைலக் குப்பியைக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"அண்ணாச்சி, உங்கள என்னவெல்லாமோ ஏசிட்டேன். நாலு நாளா அந்த மனுசன் ஒரு வாய் சோறு திங்கல. அப்போ நாளைக்கு வேலைக்கு வரலாமா?"

இல்லை என்று சொல்ல அது நல்ல சமயம். ஆவுடையப்பன் அந்த முகத்தைப் பார்த்தார். பிச்சை முகம்மதுவின் முகத்தைப் பார்த்தார். அலமாரியில் ரோஸ் கலர் பாட்டிலைப் பார்த்தார்.

"வரட்டும்" என்றார்.

திங்கட்கிழமையை இளக்குவதற்கென்று வந்த போன், வாழ்க்கையிலேயே கெட்டியான திங்கட்கிழமையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டது. காலை ஐந்து மணி பஸ்ஸில் மாரிச்சாமி ஏறி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். டிபன் டப்பாவெல்லாம் கொண்டுவந்திருந்தான்.

கேட்டில் வாட்ச்மேன் மாரிச்சாமியை மறித்தான். "மெமோ ஆளு உள்ள வரக்கூடாது."

"செத்த நேரம் இங்கன நில்லு" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஆவுடையப்பன் உள்ளே போனார். முதலில் ஹ்யூமிடிட்டி பிளாண்டைத் திறந்துவிட்டார். அதை மட்டும் விடவில்லை. பிறகு மேனேஜர் ரூம் வாசலில் போய் நின்றார். ஞானதுரை எட்டு மணிக்குத்தான் வருவார் என்று தெரியும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றார். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று பயம்.

"சார், அந்த பாபின் மாத்தச் சொன்னது நான். பையன் சொன்னதைச் செஞ்சான். வியாழக்கிழமை நான் சொல்லாம விட்டுட்டேன்."

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வானம் இடிந்து விழும் என்று ஆவுடையப்பன் காத்திருந்தார்.

"இதை வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே. மெமோ நாலு காப்பி டைப் பண்ணியாச்சு, சங்கத்துக்கும் ஒரு காப்பி போயிட்டுது. இப்போ பேரை மாத்தணும். டைப்பிஸ்ட் லீவு." அவருக்குக் கோபம் அதில்தான். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "என்கிட்ட வந்து தானாத் தப்பைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார். அது பாராட்டா, புகாரா என்று ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. ஞானதுரைக்கும் விளங்கியிருக்காது. பழக்கதோஷத்தில், "சரிதானே?" என்றார்.

"சரிதான் சார்."

மாரிச்சாமி பதினோரு மணிக்கு உள்ளே வந்தான். ஆவுடையப்பனை மூன்று மாதத்துக்குக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். தண்டனைதான். அங்கே தூசி, இருட்டு, மூட்டை. கூடவே ஒன்றைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை: குடோன்காரருக்கு மீட்டிங் கிடையாது. கழிவில் என்ன தப்பு நடக்க முடியும்? திங்கட்கிழமை பத்து மணிக்கு மற்ற சூப்பர்வைசர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறும்போது, ஆவுடையப்பன் மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

மெமோ பேர் மாறிய அந்தத் திங்கட்கிழமை ராத்திரியே வீட்டிலும் சொன்னார். இது மேனேஜரிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"வியாழக்கிழமை நான் சொல்லல. இன்னிக்குத்தான் சொன்னேன். உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

சண்முகத்தாய் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்குக் கூட ஒரு அப்பளம் போட்டேன். எதுக்குன்னு நீங்க கேக்கல. மத்த நாளா இருந்தா கேட்டிருப்பீக."

"தெரிஞ்சுமா போன்ல வாசிச்சே?"

"தெரிஞ்சு வாசிக்கல. சந்தேகம்தான். வாசிச்சுப் பாப்போம், பொய்னா மறுத்துச் சொல்லுவீகன்னு நினைச்சேன். ஹ்யூமிடிட்டின்னு சொன்னீக." அவள் சிரிக்கவில்லை. முறத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, "இனி செருப்பக் கழட்டுறப்போ எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீக. பாக்கறத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு மெடிக்கல் கடையில் கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி. மாரிச்சாமி விஷயம் எப்படி வாசிக்கப்படும் என்று கேட்க பிச்சை முகம்மது தன் மனைவி மாஜிதாவைக்கூட வீட்டிலிருந்து வரச்சொல்லியிருந்தார்.

"ஒண்ணு: வாசக்கதவுப் பூட்டுக்கு எண்ணெய் போட்டீக. ரெண்டு: தும்மல் வந்தும் ரெண்டு நாள் லீவு போடல. மூணு: நேத்து கீரைய மிச்சம் வைக்காமத் தின்னீக. நாளைக்கு முதல் வேலை?"

"ஏன், மேனேஜர்கிட்ட..." என்று ஆவுடையப்பன் இழுத்தார்.

"அது சின்ன விஷயமில்லங்க" என்று வைத்துவிட்டாள்.

ஏமாந்தது மாஜிதாதான். "இதுக்கா என்னைய அடுப்ப அணைச்சிட்டு வரச்சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் முடிந்து ஸ்பின்னிங்குக்குத் திரும்பக் கூப்பிட்டபோது, ஆவுடையப்பன் கொஞ்சம் தயங்கினார் என்று மில்லில் சொல்வார்கள். அதற்குள் அழகுத்தாய் டெலிபோன் ஆபீஸ் வாசலில் சண்முகத்தாயைப் பிடித்து, "எக்கா, எங்க வீட்டு ஆளுக்கும் நீங்களே போன்ல மூணு சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தாள்.

"உங்க வீட்டுல நடக்குறது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் பாக்கணும், நீதான் சொல்லணும். போன் எல்லாம் வேண்டாம். சாயங்காலம் காப்பி குடுக்கும்போது சொல்லு. சின்னதாச் சொல்லு. புத்திமதி சொல்லிராத."

ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மாரிச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, என்னாச்சு?"

"நேத்து எங்க வீட்டுலயும் மூணு சொன்னா அண்ணாச்சி."

"நல்லதுதானலே."

"மூணும் அவ செஞ்சது."

ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ராஜபாளையம் போய்ச் சேருகிறவரை அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.